மாலை போட்ட நாற்பத்தொரு நாள்

போன ஐப்பசிக் கடைசியில் பெங்களூரிலிருந்து என் பேரன் கூப்பிட்டான். "தாத்தா, ஆபீஸ்ல நாலு பேர் சபரிமலைக்குப் போறாங்க, நானும் வரேன்னு சொல்லிட்டேன். நாற்பத்தொரு நாள்லாம் என்னால முடியாது. ஒரு வாரம் மாலை போட்டா போதும்னு சொல்றாங்க. போதுமா?"

உடனே எனக்குப் பதில் வரவில்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். அந்த ஒரு நாள் யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் பதினொரு முறை மலைக்குப் போனவன். இப்போது முழங்கால் ஒத்துழைக்காததால் போவதில்லை. பதினெட்டு முறை போய், பதினெட்டாம் முறை தென்னங்கன்று சுமந்துபோய் நட்ட குருசாமிகளின் முன்னால் நான் பாதிக்கிணறு தாண்டினவன். ஆகவே இதைச் சாஸ்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் கணக்கு. நம் பக்கத்தில் ஒரு மண்டலம் என்றால் நாற்பத்தெட்டு நாள். சித்த வைத்தியர் மருந்து கொடுத்தாலும், கும்பாபிஷேகம் முடிந்து மண்டல பூஜை நடந்தாலும் அதுதான் அளவு. மலையாளத்தில் மண்டலம் என்றால் நாற்பத்தொன்று. விருச்சிக மாதம் முதல் நாள், அதாவது நம் கார்த்திகை முதல் தேதி, சபரிமலையில் மண்டல காலம் தொடங்குகிறது. தனு மாதம் பதினொன்றாம் நாள் மண்டல பூஜையோடு முடிகிறது. ஆங்கிலத் தேதியில் நவம்பர் 16 அல்லது 17-இல் ஆரம்பித்து டிசம்பர் 26 அல்லது 27 வரை. விரலை விட்டு எண்ணிப் பாருங்கள், சரியாக நாற்பத்தொன்று வரும். குருவாயூர் போன்ற மற்ற மலையாளக் கோவில்களிலும் இந்த நாட்களை மண்டல காலமாகவே கொண்டாடுகிறார்கள். ஆக, இந்த எண் பக்தனுக்கென்று தனியாக வைத்ததல்ல. மலையில் சுவாமிக்கு மண்டலம் நடக்கும்போது வீட்டில் பக்தனும் அதே மண்டலத்தை இருக்கிறான்.

ஆனால் தமிழ்நாட்டிலும் எங்கள் புதுச்சேரியிலும் பலர் கார்த்திகை முதல் தேதி மாலை போட்டு, மகர ஜோதிக்குத்தான் மலை ஏறுவோம். ஜனவரி 14 வரை எண்ணினால் அது அறுபது நாள். எங்கள் குருசாமி இதைச் சொல்லும்போது, "நாற்பத்தொண்ணு கீழ்வரம்பு சாமி, மேல்வரம்பு கிடையாது" என்பார். அரசாங்க குமாஸ்தாவான எனக்கு அந்த வார்த்தை நன்றாகவே புரிந்தது.

எங்கள் குருசாமி ஒரு மில் தொழிலாளி. நெசவுப் பிரிவில் இரவு ஷிப்ட் பார்ப்பவர். எழுத்துக்கூட்டித் தமிழ் படிப்பார், அவ்வளவுதான். நானோ பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, அந்தப் படிப்பை வைத்து அரசாங்க உத்தியோகத்தில் உட்கார்ந்தவன். 1977-ஆம் வருஷம், எனக்கு இருபத்தாறு வயது. எங்கள் தெருப் பிள்ளையார் கோவிலில், விடியற்காலை ஐந்து மணிக்கு, ஈர வேட்டியோடு அவர் காலில் விழுந்து எழுந்தேன். என் கழுத்தில் ஐம்பத்துநான்கு மணி கொண்ட துளசி மாலையைப் போட்டார், ஐயப்பன் டாலர் வைத்தது. போட்ட மறுநிமிடம் அவர் என் காலைத் தொட்டு, "சாமியே சரணம்" என்றார். நான் பதறிப் பின்வாங்கினேன். "இனிமே நீங்களும் சாமிதான்" என்றார். விரதம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது என்பது எனக்கு அப்போது தெரியாது.

விதிகள் உங்களில் பலருக்குத் தெரிந்தவைதான். கறுப்பு அல்லது நீல வேட்டி, சிலருக்குக் காவி. காலில் செருப்பு கிடையாது. விடியுமுன் ஒரு குளியல், மாலையில் ஒரு குளியல், இரண்டும் பச்சைத் தண்ணீரில். இரண்டு வேளையும் சரணம் சொல்ல வேண்டும். புலால், மது, புகையிலை, வெற்றிலை எதுவும் கூடாது. ஒரு வேளைதான் சோறு, மற்ற வேளைக்குப் பலகாரம். முடி வெட்டக்கூடாது, சவரம் கூடாது. பாய் அல்லது வெறும் தரையில் படுக்கை. பிரம்மச்சரியம். சாவு வீட்டுக்குப் போகக்கூடாது. எதிரே வரும் ஆண் யாராக இருந்தாலும் சாமி, பெண் யாராக இருந்தாலும் மாளிகைப்புறம்.

இந்தப் பட்டியலை வெறுமனே படித்தால், உடம்பை வருத்திக்கொள்ள யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதியது போலத் தோன்றும். எனக்கும் முதல் வருஷம் அப்படித்தான் தோன்றியது. பெருவழிப் பாதையில் நடந்தபிறகுதான் இதில் பாதி எங்கிருந்து வந்தது என்று புரிந்தது.

எருமேலியில் பேட்டை துள்ளி, வாவர் பள்ளிவாசலை வலம் வந்து, பேரூர்த் தோடு தாண்டிக் காட்டுக்குள் நுழைந்தால் பம்பை வரை நாற்பது கிலோமீட்டருக்கு மேல் நடை. அழுதா ஆற்றில் முழுகி ஒரு கல்லை எடுத்துக்கொண்டு, அழுதா மேடு ஏறிக் கல்லிடும் குன்றில் போட வேண்டும். அப்புறம் இஞ்சிப்பாறை, முக்குழி, அதன்பிறகு கரிமலை. கரிமலை ஏற்றம் மூச்சை வாங்கும் என்றால் இறக்கம் முழங்காலை வாங்கும். பம்பையில் குளித்துவிட்டு நீலிமலை, அப்பாச்சி மேடு, சபரி பீடம், சரங்குத்தி என்று இன்னும் ஐந்து கிலோமீட்டர் ஏற்றம். பம்பைக்கு வண்டி போகாத காலத்தில் எல்லோருக்கும் இதுதான் வழி, அல்லது இதைப்போன்ற இன்னொரு காட்டு வழி. யானை நடமாடும் காடு. இரவில் தீ வளர்த்து அதைச் சுற்றிப் படுப்பார்கள். கூட்டமாகப் போவதும், ஓயாமல் உரக்கச் சரணம் சொல்லிக்கொண்டே போவதும் மிருகங்களுக்கு நாம் வருவதைத் தெரிவிக்கத்தான் என்று பழைய சாமிகள் சொல்வார்கள்.

இப்போது விதிகளைத் திரும்பப் பாருங்கள். காட்டில் கல்லும் வேரும் மிதித்து வெறுங்காலில் நடக்க வேண்டியவன் நாற்பத்தொரு நாள் முன்பே செருப்பைக் கழற்றிவிடுகிறான். எனக்கு முதல் வாரம் குதிகாலில் கொப்புளம், இரண்டாம் வாரம் வெடிப்பு. நான்காம் வாரத்தில் தார் ரோட்டு ஜல்லி உறுத்தாமல் போனது. மார்கழிக் குளிரில் ஆற்றில் முழுக வேண்டியவன் கார்த்திகையிலேயே பச்சைத் தண்ணீருக்குப் பழகுகிறான். தரையில் படுக்க வேண்டியவன் வீட்டில் பாயை விரிக்கிறான். சுமந்து போகிற கொஞ்ச அரிசியில் நாளை ஓட்ட வேண்டியவன் ஒரு வேளைச் சோற்றுக்கு வயிற்றைப் பழக்குகிறான். காடு பம்பைக்கு முன்னால் தொடங்கவில்லை, நம் வீட்டு வாசலிலேயே தொடங்கியது. இது என் சொந்த வாசிப்பு, ஆனால் ஒரு முறை பெருவழியில் நடந்தவர்கள் மறுக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

கறுப்புக்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். சனி பகவானுக்கு உகந்த நிறம் என்பார்கள். அழுக்குத் தெரியாது, குளிருக்கு அடக்கம் என்பார்கள். எனக்குப் பொருந்துவதாகத் தோன்றுவது வேறு. நம் வீடுகளில் கல்யாணத்துக்கும் சீமந்தத்துக்கும் கறுப்பு ஆகாது. கறுப்பு உடுத்தினவனைச் சுப காரியத்துக்கு யாரும் எதிர்பார்க்கமாட்டார்கள். ஆக அந்த வேட்டியைக் கட்டிய அன்றே, "இவன் இந்த நாற்பது நாளும் நம் வீட்டுக் கணக்கில் இல்லை" என்று ஊருக்கு அறிவித்துவிடுகிறோம். பணக்காரன் வேட்டியும் கூலிக்காரன் வேட்டியும் ஒரே நிறமாகிவிடுவது கூடுதல் லாபம். எழுபதுகளில் இதில் ஒரு வேடிக்கையும் இருந்தது. கறுப்புச் சட்டை என்றால் பெரியார் கட்சி என்பதுதான் ஊருக்குப் பழக்கம். மாலை போட்டு நான் அலுவலகம் போன முதல் நாள், எங்கள் சூப்பிரண்டு கண்ணாடியை இறக்கி, "என்னய்யா, சாமி இல்லைங்கிற கட்சியா, நீயே சாமிங்கிற கட்சியா?" என்று கேட்டார். கையெழுத்துப் பதிவேட்டில் எனக்குப் பின்னால் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள்.

அவர் சிரிப்பாகச் சொன்னது விரதத்தின் மறுபாதியைத் தொட்ட பேச்சு. காட்டு நடைக்கும், எல்லாரையும் சாமி என்று கூப்பிடுவதற்கும் சம்பந்தம் கிடையாது. சன்னிதானத்தில், சுவாமியைப் பார்க்கப் போகிறவன் கண்ணில் படும்படி "தத்வமஸி" என்று எழுதியிருக்கிறது. "அது நீயே" என்பது பொருள். அதை அங்கே போய்ப் படித்தால் ஒரு வாசகம். நாற்பத்தொரு நாள் பால்காரரையும், கடன் கேட்டு வந்தவரையும், அலுவலகத்தில் நமக்குப் பிடிக்காதவரையும் "சாமி" என்று கூப்பிட்டுவிட்டுப் போய்ப் படித்தால் அது வேறு. குருசாமி விரதத்தை மூன்றாகப் பிரிப்பார். முதல் பத்து நாள் உடம்பு முரண்டு பிடிக்கும், அது ஒன்றுமில்லை, தானே அடங்கும். இருபதுக்கு மேல் கோபம் வரும். பசியும் தூக்கக் குறைவும் சேர்ந்து, சின்ன விஷயத்துக்கெல்லாம் சீறுவான். வீட்டில் உள்ளவர்கள் இவன் மாலையைக் கழற்றினால் போதும் என்று நினைப்பார்கள். முப்பதுக்கு மேல் கர்வம் வரும். "நான் எப்படி இருக்கிறேன் பார்" என்று அடுத்தவன் டீ குடிப்பதைக்கூட முறைப்பான். "உடம்பு கெட்டா ஊருக்கே தெரியும் சாமி. கோபம் வந்தா வீட்டுக்குத் தெரியும். கர்வம் வந்தா நமக்கே தெரியாது, அதுதான் கஷ்டம்" என்பார். ஒரு வார விரதத்தில் முதல் கட்டமே முடியாது என்பதைக் கவனியுங்கள்.

இனி என் சொந்தக் கதை. 1977-இல் விரதத்தின் இருபத்துமூன்றாம் நாள், எங்கள் பெரியப்பா காலமாகிவிட்டார். பங்காளித் தீட்டு. மாலையோடு சாவு வீட்டுக்குப் போகக்கூடாது, போகாமல் இருக்கவும் முடியாது. அவருக்கு மகன் இல்லை. கொள்ளி வைக்க வேண்டியவன் நான். குருசாமியிடம் ஓடினேன். இரவு ஷிப்ட் முடிந்து வந்து படுத்திருந்தவர் எழுந்து குளித்து, மந்திரம் சொல்லி என் மாலையைக் கழற்றிச் சுவாமி படத்தில் மாட்டினார். "இந்த வருஷம் மலை வேண்டாம் சாமி. பெரியப்பாவைப் பார்த்துக்குங்க" என்றார்.

எனக்கு ஆத்திரம். இருபத்துமூன்று நாள் கொப்புளமும் பட்டினியும் வீணா என்று கேட்டேன். தீட்டு கழித்துவிட்டு, மீதிப் பதினெட்டு நாளை இருந்துவிட்டு ஜோதிக்குப் போனால் என்ன, நாளும் சரியாக வருகிறதே என்று பேப்பரில் கணக்குப் போட்டே காட்டினேன். அவர் பேப்பரைப் பார்க்கவில்லை. "சாமி, நாளை எண்ணிச் சேத்து வைக்க இது சீட்டுப் பணம் இல்லை. நடுவுல அறுந்தா முதல்லேர்ந்துதான் கோக்கணும்" என்றார். சற்றுப் பொறுத்து, "இருபத்திமூணு நாள் வீண்னு சொன்னீங்களே, அதுல உங்க கோபம் எங்கே இருக்குன்னு தெரிஞ்சுது இல்ல?" என்றார். பதில் சொல்லாமல் சுடுகாட்டுக்குப் போனேன். மறுவருஷம் முதலிலிருந்து மாலை போட்டு, 1979 ஜனவரியில்தான் கன்னிச்சாமியாக மலை ஏறினேன்.

இருமுடி கட்டும் நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும், விரதத்தின் பொருள் அங்கேதான் திறக்கிறது. நெய்த் தேங்காய்க்கு, நாரெல்லாம் சீவி வழவழப்பாக்கிய முற்றிய தேங்காயில் ஒரு கண்ணைத் துளைத்துத் தண்ணீரை வடிக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே தங்கினாலும் வழியிலேயே நெய் கெட்டு வாடை வந்துவிடும். ஆகவே கவிழ்த்து வைத்து நன்றாக உலரவிட்டுத்தான் பசு நெய்யை ஊற்றுவோம். சரணம் சொல்லிக்கொண்டே ஊற்றிக் கார்க்கால் அடைத்து மேலே பூசி மூடுவோம். கார்க் தளர்ந்திருந்தால் பாதி வழியில் முடியின் துணி எண்ணெய்ப் பிசுக்காகத் தெரியும். என் இரண்டாம் பயணத்தில் எனக்கு அது நடந்தது, பொரியும் அவலும் நெய்யில் ஊறிப்போயின. முன்முடியில் நெய்த் தேங்காயும் பூஜைச் சாமான்களும், மாளிகைப்புறத்தம்மனுக்கு மஞ்சள் பொடியும், வாவருக்கு மிளகும் இருக்கும். பின்முடியில் நமக்கு வேண்டிய அரிசி முதலியவை. போகப் போகப் பின்முடி இளைக்கும், முன்முடி அப்படியே இருக்கும். மேலே போனதும் தேங்காயை உடைத்து நெய்யைச் சுவாமிக்கு அபிஷேகத்துக்குக் கொடுத்துவிட்டு, மூடியைப் படிக்குக் கீழே எரியும் ஆழியில் போடுவோம். நெய் உயிர், தேங்காய் உடம்பு என்பார்கள். உயிர் சேர வேண்டிய இடம் சேர்ந்தபின் உடம்புக்கு நெருப்பு.

வீட்டை விட்டுக் கிளம்புகிற விதத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். தலையில் முடியை ஏற்றியபின் "போய் வருகிறேன்" என்று சொல்லக்கூடாது. வாசலில் தேங்காய் உடைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். வீட்டில் திரும்பி வரும்வரை விளக்கு எரியும். முதல் வருஷம் என் அம்மா வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்க்கவில்லை, தங்கை பின்னால் சொல்லித்தான் தெரியும். சாவு வீட்டு வழக்கங்களை ஒத்த இவையெல்லாம் ஏன் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. குடும்பஸ்தனுக்குச் சந்நியாசம் வாங்கிக்கொள்ள முடியாது, ஆனால் வருஷத்தில் ஒருமுறை ஒத்திகை பார்க்கலாம். இந்த விரதத்தை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். பிரெஞ்சில் "ரெத்ரெத்" என்றொரு சொல் உண்டு. பணியிலிருந்து ஓய்வு பெறுவதற்கும் அதுதான் சொல், பாதிரிமார் உலகத்தை விட்டுச் சில நாள் ஒதுங்கித் தியானத்தில் இருப்பதற்கும் அதுதான் சொல். பென்ஷன் ஆர்டர் என் கைக்கு வந்த அன்று எனக்கு இந்த இரண்டாம் பொருள்தான் நினைவுக்கு வந்தது. பதினொரு முறை ஒத்திகை பார்த்தவனுக்கு நாற்காலியை விட்டு எழுந்து வருவது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

அம்மாவைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். விரதம் நான் இருந்தேன் என்பது பாதி உண்மை. விடியுமுன் எழுந்து வீடு மெழுகி, தனிப் பாத்திரத்தில் எனக்குச் சமைத்து, மாலையில் வரும் சாமிகளுக்கெல்லாம் சுண்டல் செய்தவள் அம்மா. மாதத்தில் மூன்று நாள் என் தங்கை அடுத்த தெருவில் அத்தை வீட்டில் போய் இருந்தாள், அவளுக்குப் பரீட்சை இருந்த வாரத்திலும். அவளை யாரும் சாமி என்று விழவில்லை. பெண்களால் நாற்பத்தொரு நாள் இடைவிடாமல் விரதம் காக்க இயலாது என்பதும் பத்து முதல் ஐம்பது வயதுப் பெண்களுக்கான தடைக்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. கேரள உயர் நீதிமன்றம் 1991-இல் தடையை ஏற்றது. உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 28-இல் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் தடையை நீக்கியது. 2019-இல் அது பெரிய அமர்வின் பரிசீலனைக்குப் போனது. அந்த வழக்கில் யார் பக்கம் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் என் விரதத்தில் பாதியைப் பெண்கள்தான் சுமந்தார்கள் என்பதை எழுதாமல் விட்டால் கணக்கு தப்பாகிவிடும்.

சரி, நாற்பத்தொன்று எப்போது ஏழாகக் குறைந்தது? என் பார்வையில் அதற்குக் காரணம் பக்தி குறைந்தது அல்ல, வழி குறைந்தது. 1950-இல் மலைக்கோவில் தீக்கு இரையானது. புதிதாக வார்த்த பஞ்சலோக விக்ரகத்தை மதுரை பி.டி. ராஜன் காணிக்கையாகக் கொடுத்தார். பிரதிஷ்டைக்கு முன் அது தமிழ்நாட்டு ஊர்களில் ஊர்வலமாகச் சென்றது. நவாப் ராஜமாணிக்கம் கம்பெனியின் ஐயப்பன் நாடகம் வேறு ஊர் ஊராகப் போனது. அதுவரை தென்மாவட்டங்களில் ஓரளவு தெரிந்த சுவாமி, அதன்பின் எங்கள் பக்கம் வரை வந்தார். நம்பியார் சாமியின் குழுவும் வீரமணியின் பாட்டுகளும் மீதியைச் செய்தன. 1960-களில் சாலக்கயத்துக்கு வண்டிச் சாலை வந்தது, பிறகு பம்பை வரையே பஸ் வந்துவிட்டது. முன்பு மண்டல, மகர விளக்குக் காலத்தைச் சுற்றி மட்டுமே பெரும்பாலும் திறந்த நடை, இப்போது ஒவ்வொரு மலையாள மாதப் பிறப்புக்கும் ஐந்து நாள் திறக்கிறது. கருங்கல்லாக இருந்த பதினெட்டுப் படிகளின் மேலேயே தேங்காய் உடைத்து உடைத்துப் படி தேய்ந்ததால், 1985-இல் அவற்றுக்குப் பஞ்சலோகத் தகடு போர்த்தினார்கள். நான் முதலில் ஏறியது தேய்ந்த கல் படிகளில்.

வழி நாற்பது கிலோமீட்டர் குறைந்துவிட்டது. இரவு பஸ் ஏறினால் மறுநாள் பம்பை. வெறுங்காலில் ஐந்து கிலோமீட்டர் நடக்க எதற்கு நாற்பது நாள் பயிற்சி என்று இந்தக் காலத்துப் பையன் கேட்டால் அது நியாயமான கேள்வி. உடம்புக்கான பாதிக்கு இன்று அவ்வளவு தேவையில்லைதான். ஆனால் காடு சுருங்கச் சுருங்க, அந்தக் காட்டில் மிஞ்சியிருக்கிற நீளமான பாகம் விரதம் மட்டும்தான். அதையும் ஒரு வாரமாக்கிவிட்டால் மிஞ்சுவது பஸ் பிரயாணமும் வரிசையும்.

இன்னொன்று. பதினெட்டாம் படிக்குக் கீழே நிற்பவர்கள் இருமுடி இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். எத்தனை நாள் விரதம் என்று யாரும் கேட்பதில்லை, கேட்டாலும் நிரூபிக்க வழியில்லை. அதாவது இந்த யாத்திரையில் மிகக் கடினமான பகுதிக்குச் சாட்சி நாம் மட்டும்தான். முப்பத்துநான்கு வருஷம் கோப்புகளில் கையெழுத்தும் முத்திரையும் தேதியும் சரிபார்த்தவனுக்கு இது விசித்திரமாகவே பட்டது, இப்போதும் படுகிறது.

மறுநாள் பேரனுக்கு இதையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். ஒரு வாரம் போதுமா என்றால், மலை ஏறப் போதும், யாரும் உன்னைத் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்றேன். "அப்போ நாற்பத்தொரு நாள் எதுக்கு?" என்று கேட்டான். "இருபதாம் நாளுக்கு மேலே தெரியும்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

கார்த்திகை முதல் தேதி மாலை போட்டுவிட்டான். அவர்கள் அலுவலகத்தில் கறுப்பு வேட்டிக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம், செருப்பு இல்லாததற்குத்தான் பாதுகாப்பு ஆள் முறைத்தாராம். இருபத்தைந்தாம் நாளோ என்னவோ ராத்திரி கூப்பிட்டான். குரலே ஒரு மாதிரி இருந்தது.

"தாத்தா, இன்னிக்கு ரோட்ல ஒருத்தன் வண்டியைக் கொண்டுவந்து என் மேல இடிச்சுட்டான். அடி ஒண்ணும் இல்ல. வாய் வரைக்கும் வந்துடுச்சு. ஆனா பழக்கத்துல முதல்ல 'சாமி'ன்னு வந்துட்டுது. அதுக்கப்புறம் எப்படித் திட்டறது?"

"திட்டினியா?"

"இல்ல. அவரே ஸாரி சாமின்னுட்டுப் போயிட்டாரு."

இன்னும் பதினாறு நாள் இருக்கிறது என்று நினைவூட்டினேன். முப்பதுக்கு மேல் வருவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதை முன்கூட்டிச் சொன்னால் பயனில்லை.